அதிகாரப் பத்திரமா, இணைக் கணக்கா: அம்மாவின் கணக்கை எந்த உரிமையில் இயக்குவது?

வயதான தாயாரின் வங்கிக் கணக்கையும், வெளிநாட்டில் இருக்கும் தம்பியின் கணக்கையும் சில ஆண்டுகளாக நான்தான் கவனித்து வருகிறேன். இரண்டுக்கும் தொடக்கத்தில் ஒரே ஏற்பாட்டைச் செய்தேன். ஒரு வழக்கறிஞரிடம் ஒரே நாளில் இரண்டு பொது அதிகாரப் பத்திரங்களை எழுதி வாங்கினோம். தம்பியின் பத்திரம் இன்றும் குறைவின்றிப் பயன்படுகிறது. அம்மாவின் பத்திரம் மிகவும் தேவைப்பட்ட வாரத்தில் பயன்படாமல் போனது. அதன் பிறகு அம்மாவுக்கு இணைக் கணக்கு முறைக்கு மாறினேன். எனவே பெற்றோரின் கணக்கைப் பொறுத்தவரை என் சாய்வு இணைக் கணக்கின் பக்கமே என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒப்பிடத்தக்க வழிகள் மூன்று. வங்கியின் படிவத்திலேயே கணக்குக்குரியவர் இன்னொருவருக்கு இயக்கும் அனுமதி அளிக்கும் அதிகாரக் கடிதம் ஒன்று. முத்திரைத்தாளில் எழுதப்படும் அதிகாரப் பத்திரம் மற்றொன்று. இருவர் பெயரிலும் கணக்கு வைத்திருக்கும் இணைக் கணக்கு மூன்றாவது. கடவுச்சொல்லையும் ஓடிபியையும் பிள்ளைகளிடம் கொடுத்துவிடும் பழக்கம் பரவலாக இருந்தாலும், அதில் யாருக்கும் எந்த அதிகாரமும் வழங்கப்படவில்லை. பணத்தில் ஏதேனும் தவறு நேர்ந்தால், இரகசியத்தைப் பகிர்ந்தது உங்கள் பிழை என்று வங்கி சொல்ல அது இடம் கொடுக்கிறது. ஆகவே அதை ஒரு வழியாக நான் எண்ணவில்லை. அதிகாரக் கடிதம் எளியது, செலவில்லாதது. அம்மா கண் அறுவை சிகிச்சைக்காகச் சில வாரங்கள் வீட்டோடு இருக்க நேர்ந்தால் அதுவே போதும். பெரும்பாலும் கணக்கை மூடவோ கடன் வாங்கவோ அதில் இடமிருக்காது என்பது குறையன்று, பாதுகாப்பே.

எனக்குத் தீர்மானமான காரணமாக அமைந்தது ஒரே ஒரு கேள்விதான்: கணக்குக்குரியவரின் நினைவும் தெளிவும் மங்கினால் இந்த அதிகாரம் நிலைக்குமா? இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 201 இதற்கு நேரடியாக விடை சொல்கிறது. அதிகாரம் கொடுத்தவரோ பெற்றவரோ இறந்தாலும், அவர்களில் ஒருவர் மனநிலை திரிந்தவரானாலும் முகமை, அதாவது ஒருவருக்காக இன்னொருவர் செயல்படும் உறவு, முடிவுக்கு வந்துவிடும். அதிகாரப் பத்திரமும் அதிகாரக் கடிதமும் முகமையின் இரு வடிவங்களே என்பதால் இரண்டுக்கும் இது பொருந்தும். உடல் நலிந்து படுத்திருப்பதால் பத்திரம் செல்லாமல் போவதில்லை. கை நடுங்குவதாலும் போவதில்லை. தான் எதற்கு ஒப்புகிறோம் என்று புரிந்துகொள்ளும் திறன் போனால்தான் போகிறது. ஆனால் முதியவர்களின் விஷயத்தில் நாம் அஞ்சி முன்னேற்பாடு செய்வது பெரும்பாலும் அந்த நிலையை எண்ணித்தானே! மழைக்காக வாங்கிய குடை மழை தொடங்கியதும் மடங்கிக்கொள்வது போன்ற ஏற்பாடு இது.

எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். பேச்சு குழறியது, என்னை ஒரு நாள் அடையாளம் தெரிந்தது, மறுநாள் தெரியவில்லை. மருத்துவமனைக் கட்டணத்துக்காக வைப்புத்தொகை ஒன்றை முதிர்வுக்கு முன்பே முறிக்க வேண்டியிருந்ததால், அதிகாரப் பத்திரத்துடன் கிளைக்குச் சென்றேன். மேலாளர் பத்திரத்தைப் படித்துவிட்டு, "அம்மா இப்போது எப்படி இருக்கிறார்கள்?" என்று கேட்டார். இருந்ததை இருந்தபடி சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சார், இதைக் கேட்டுக்கொண்ட பிறகு இந்தப் பத்திரத்தின் பேரில் நான் பணம் கொடுக்க முடியாது" என்றார். 'நோய்வாய்ப்பட்டு எந்நிலையில் இருந்தாலும் இந்த அதிகாரம் தொடரும்' என்ற வரியை நான் விரலால் காட்டினேன். அப்படி எழுதிக்கொள்வதால் மட்டும் சட்டத்தைக் கடந்துவிட முடியாது என்று அவர் பொறுமையாக விளக்கினார். அன்று அவர் மீது கோபம் வந்தது. இன்று யோசித்தால் அவர் தன் கடமையைத்தான் செய்தார். கட்டணத்தை நானும் தம்பியும் கைப்பணத்திலிருந்து கட்டினோம்.

எல்லா நாடுகளிலும் நிலை இப்படியில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மனத்திறன் சட்டம், 2005-இன்படியும், சிங்கப்பூரில் மனத்திறன் சட்டம், 2008-இன்படியும், திறன் இழந்த பிறகும் செல்லுபடியாகும் நீடித்த அதிகாரப் பத்திரம் என்ற தனி ஆவணம் உண்டு; அதை நல்ல நிலையில் இருக்கும்போதே எழுதிப் பொதுக் காப்பாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்நாடுகளில் பெற்றோர் இருப்பவர்களுக்கு என் ஒப்பீட்டின் முடிவு தலைகீழாக மாறக்கூடும். அவர்கள் முதலில் செய்ய வேண்டியது அந்தப் பத்திரமே. இந்தியாவில் அத்தகைய பொதுவான ஏற்பாடு இல்லாததால், நினைவிழந்த நோயாளிகளின் குடும்பத்தார் உயர் நீதிமன்றத்தை நாடிக் காப்பாளர் நியமனம் பெற வேண்டியிருக்கிறது. அது கிடைக்கும்வரை வீட்டுச் செலவும் மருத்துவச் செலவும் காத்திருப்பதில்லை.

இணைக் கணக்கில் நிலை வேறு. 'இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியவர்' என்ற முறையில் திறந்த கணக்கில் நான் அம்மாவுக்காகக் கையெழுத்து இடுவதில்லை. கணக்குக்குரியவர்களில் ஒருவனாக என் பெயரில் இடுகிறேன். ஆகவே அவர் கொடுத்த அதிகாரம் முடிந்துவிட்டதா என்ற கேள்வி அதே வேகத்தில் எழுவதில்லை. ஆனால் இதை முழுக் கவசம் என்றும் சொல்ல மாட்டேன். கணக்குக்குரியவர்களில் ஒருவர் திறன் இழந்ததாக அறிவிப்பு வந்தால், வங்கி பணம் எடுப்பதை நிறுத்தி வைக்கவோ அன்றாடத் தேவைக்கு மட்டும் அனுமதிக்கவோ கூடும். எங்கள் கணக்கில் அந்த நிலை இதுவரை வரவில்லை. எனவே அனுபவத்தில் இருந்து இதற்கு மேல் உறுதி சொல்ல இயலாது. கணக்கைத் திறக்கும் நாளிலேயே, அப்படி நேர்ந்தால் என்ன நடைமுறை என்று கிளையில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

அம்மா சில மாதங்களில் பெரிதும் தேறினார். மருத்துவரிடம் தெளிவான மனநிலையில் இருக்கிறார் என்று சான்று வாங்கிக்கொண்டு, அவரைக் கிளைக்கு அழைத்துச் சென்றோம். பழைய கையெழுத்து வரவில்லை. நான்கு முறை முயன்று, நான்கும் நான்கு விதமாக விழுந்த பிறகு, பேனாவை மேசையில் வைத்துவிட்டுத் தன் வலக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கையெழுத்து இட இயலாத வாடிக்கையாளரின் கைரேகையை, வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்ட, அவர்களில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருந்தால் ஏற்கலாம் என்பது ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல். அதன்படி இடக்கைப் பெருவிரல் ரேகையைப் பதிந்தோம்.

கணக்கை அமைத்த விதத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் இணைக் கணக்கின் நன்மையும் ஆபத்தும் அதில்தான் இருக்கின்றன. அம்மாவின் சேமிப்பு முழுவதையும் இணைக் கணக்கில் போடவில்லை. குடும்ப ஓய்வூதியம் அவர் பெயரில் மட்டும் உள்ள பழைய கணக்கில் தொடர்ந்து வருகிறது. அங்கிருந்து மாதந்தோறும் ஒரு குறித்த தொகை இணைக் கணக்குக்கு வரும்படி நிலையான அறிவுறுத்தல் கொடுத்திருக்கிறார். மருந்து, உதவியாளர் சம்பளம், மின் கட்டணம் எல்லாம் இணைக் கணக்கிலிருந்தே போகின்றன. அதில் மூன்று மாதச் செலவுக்கு மேல் இருப்பு சேர விடுவதில்லை. அவருடைய பணம் எனக்கும் சட்டப்படி உரிமையுள்ள கணக்கில் இருக்கிறது. என் கடன்காரர் எவரேனும் நீதிமன்றம் சென்றால் அந்தப் பணமும் சிக்கிக்கொள்ளலாம், நான் முந்திப் போனால் என் வாரிசுகளின் பேச்சும் எழலாம். சிறிய இருப்பு இருந்தால் சிறிய சிக்கல்.

வைப்புத்தொகைகளில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இரண்டு பெயரில் 'இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியவர்' என்று போட்டாலும், முதிர்வின்போது ஒருவர் கையெழுத்து போதும்; முதிர்வுக்கு முன்பே முறிக்க வேண்டுமானால், இருவரும் உயிருடன் இருக்கும்வரை இருவர் கையெழுத்தும் கேட்கப்படலாம். நாங்கள் பக்கவாதத்தின்போது மாட்டிக்கொண்ட இடமும் இதற்குப் பக்கத்தில்தான். ஆகவே ஒரு பெரிய வைப்பை நான்காகப் பிரித்து, மூன்று மாதத்துக்கு ஒன்று முதிரும்படி இருவர் பெயரில் மாற்றினோம். எந்த மாதத்தில் இடர் வந்தாலும் அதிகபட்சம் மூன்று மாதத்துக்குள் ஒன்று கைக்கு வரும்.

அம்மா மறைந்த பின் எஞ்சியவரான எனக்கு வங்கி பணத்தைக் கொடுத்துவிடும். ஆனால் வங்கி எனக்குக் கொடுப்பதால் அது எனக்கு மட்டும் உரியதாகிவிடாது. தம்பியின் வாரிசுரிமை அப்படியே இருக்கும். இணைக் கணக்கு வசதிக்காகத் திறந்தது, பணம் அம்மாவுடையது என்று அம்மா ரேகை பதித்த கடிதம் ஒன்றை எழுதி, நகலைத் தம்பிக்கும் கொடுத்திருக்கிறோம். மாதக் கணக்கறிக்கையும் அவனுக்கு மின்னஞ்சலில் செல்கிறது.

இனித் தம்பியின் கணக்கு. அங்கே நான் பெரிதாகச் சாய்ந்த காரணமே இல்லை; அவன் நல்ல மனத்தெளிவோடு வேலையில் இருக்கிறான். மேலும் வெளிநாடுவாழ் இந்தியரின் என்ஆர்இ கணக்கில் உள்நாட்டில் வாழும் நெருங்கிய உறவினரை 'முதலாமவர் அல்லது எஞ்சியவர்' என்றுதான் சேர்க்க முடியும். முதலாமவர் இருக்கும்வரை அந்த உறவினர் அதிகாரப் பத்திரம் பெற்றவராக மட்டுமே கணக்கை இயக்க முடியும். எனவே பெயரைச் சேர்த்தாலும் பத்திரம் தேவைப்படும்; சேர்க்காமல் பத்திரம் எழுதுவதே நேர்வழி. அதிலும் எல்லை உண்டு. உள்நாட்டுச் செலவுகளைக் கொடுக்கலாம், அனுமதிக்கப்பட்ட முதலீடு செய்யலாம், தம்பிக்கே வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பலாம். அவன் சார்பில் யாருக்கும் அன்பளிப்பாகக் கொடுக்க முடியாது.

வெளிநாட்டில் கையெழுத்திட்ட பத்திரம் இந்தியாவுக்குள் முதன்முதலில் வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும் என்று இந்திய முத்திரைச் சட்டத்தின் பிரிவு 18 சொல்கிறது. தம்பி இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அஞ்சலில் அனுப்பியபோது, வந்து சேர்ந்த தேதி தெரியும் உறையையும் பத்திரத்துடன் எடுத்துப் பத்திரப்படுத்தினேன். முத்திரை செலுத்தச் சென்ற அலுவலகத்தில் அந்த உறையைத்தான் முதலில் கேட்டார்கள்.