கேஸில் இழுக்காத காருக்கு ரெகுலேட்டரை மாற்றச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்

ஒன்றரை மாதச் சம்பளம் போய்விட்டது. கார் அப்படியே இருந்தது, இன்னும் சொன்னால் முன்பைவிட மோசமானது. பெட்ரோல் காரை எல்பிஜிக்கு மாற்றி ஓட்டுகிறவர்கள் யாராவது இதைப் படித்துவிட்டுப் பட்டறைக்குப் போனால் போதும் என்றுதான் கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன். பட்டறையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கேஸ் கிட் பொருத்துவது, சர்வீஸ் செய்வது இரண்டையும் செய்கிற, வாசலில் எப்போதும் நாலைந்து கார் நிற்கிற இடம்.

காரில் இருந்த குறை இரண்டு. ஒன்று, சூடான இன்ஜினை நிறுத்திவிட்டு அரைமணி நேரம் கழித்து வந்தால் ஸ்டார்ட் ஆகாது. ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும், ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்துப் பிடித்தால் திக்கித் திணறிப் பிடிக்கும், சைலன்சரில் கேஸ் வாடை வரும். காலையில் ஆறிப்போன இன்ஜின் மட்டும் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும். இரண்டாவது, கேஸில் இழுவை இல்லை. சமதரையில் மெதுவாகப் போனால் தெரியாது. ஏற்றத்திலோ முந்தும்போதோ மிதித்தால் வண்டி மூச்சு வாங்கும், அப்புறம் சுவிட்சில் 'பீப்' என்று சத்தம் வந்து தானாகப் பெட்ரோலுக்கு மாறிவிடும். பெட்ரோலில் அதே ஏற்றத்தைச் சிரமமில்லாமல் ஏறும்.

இதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அந்த மெக்கானிக் பொறுமையாகக் கேட்டார், அதுவே ஒரு நம்பிக்கையைக் கொடுத்தது. பானெட்டைத் திறந்தார். தொட்டியிலிருந்து வரும் கேஸின் அழுத்தத்தைக் குறைத்து இன்ஜினுக்கு அனுப்புகிற ரெகுலேட்டரின் அடியிலிருந்த திருகைக் கழற்றி, கீழே ஒரு மூடியைப் பிடித்தார். கருப்பாக, பிசுபிசுப்பாக, நாறும் எண்ணெய் சொட்டியது. "பாருங்க சார், உள்ள எல்லாம் போச்சு. உள்ள இருக்கற ரப்பர் சவ்வு, டயஃப்ரம், ஊறிப்போச்சு. இத மாத்தாம எத செஞ்சாலும் வீண். கூடவே இன்ஜெக்டரையும் கழட்டி சர்வீஸ் பண்ணிடலாம், புது வண்டி மாதிரி போகும்." கண்ணெதிரே கருப்பு எண்ணெய் சொட்டும்போது யார்தான் மறுப்பார்கள்? ஒன்றரை மாதச் சம்பளத்தைக் கணக்குச் சொன்னார். பாதியை அங்கேயே முன்பணமாகக் கொடுத்தேன்.

அந்த எண்ணெயைப் பற்றி இப்போது தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், ஏனென்றால் ஏமாற்று வேலையே அதில்தான் இருக்கிறது. திரவமாக வரும் எல்பிஜி ரெகுலேட்டருக்குள் ஆவியாகிறது. அதில் கலந்துவரும் கனமான எண்ணெய்ப் பிசுக்கு ஆவியாகாமல் அடியில் தங்கிவிடும். வேலை செய்துகொண்டிருக்கிற நல்ல ரெகுலேட்டரில்கூட அது இருக்கும். பல ரெகுலேட்டர்களில் வடிப்பதற்கென்றே அந்தத் திருகை வைத்திருக்கிறார்கள். எண்ணெய் சொட்டுகிறது என்பதை வைத்து டயஃப்ரம் கிழிந்துவிட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. அவர் லேப்டாப்பைக் காரில் மாட்டவே இல்லை. ஒரு ஹோஸைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை.

புது ரெகுலேட்டர் போட்டுக் கொடுத்தார்கள். பழையதைக் கேட்டேன். "அது குப்பைல போட்டாச்சு சார்" என்றார்கள். முதல் சில நாள் வண்டி கொஞ்சம் இழுத்தது போல் இருந்தது. அப்புறம் ஐடிலில் உதற ஆரம்பித்தது, கேஸ் சீக்கிரம் தீர்ந்தது, இன்ஜின் விளக்கு எரிந்தது. ஸ்கேனரில் P0172 என்று வந்தது, அதாவது எரிபொருள் அளவுக்கு மேல் போகிறது. ஏற்றத்தில் பெட்ரோலுக்குத் தாவுவது நிற்கவில்லை. சூட்டில் ஸ்டார்ட் ஆகாததும் நிற்கவில்லை. இதுவரை ஒழுங்காக இருந்த காலை ஸ்டார்ட்டும் கெட்டது.

திரும்பப் போனேன். "புது ரெகுலேட்டர் செட் ஆகணும் சார், கொஞ்சம் ஓட்டுங்க." ஓட்டினேன். அடுத்த முறை, "நீங்க போடற கேஸ் சரியில்ல." வேறு இடத்தில் நிரப்பிப் பார்த்தேன். அதற்கடுத்து, "பிளக் மாத்துங்க." மாற்றினேன், அதுவும் தனிச் செலவு. கடைசியாக, ஓனர் வந்தால்தான் பேச முடியும் என்றார்கள். ஓனர் வரும் நேரம் ஒருவருக்கும் தெரியாது. போனை எடுத்தவர்கள் என் குரல் கேட்டதும் வைத்தார்கள். எண்ணெயைச் சொட்டவிட்டுக் காட்டிய அதே ஆள் வாசலில் என்னைப் பார்த்தும் பார்க்காதது போல உள்ளே போனார். ஒன்றரை மாதச் சம்பளம் வாங்கியவர்கள் ஒரு நாற்காலி போட்டு உட்காரச் சொல்லக்கூட இல்லை.

அப்புறம் தெரிந்தவர் ஒருவர் சொல்லி வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் முதலில் செய்தது லேப்டாப்பை மாட்டியதுதான். என்னை ஓட்டச் சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்தபடி வந்தார். ஐடிலில் கேஸ் அழுத்தம் 1.2 பார். ஏற்றத்தில் முழுசாக மிதித்ததும் அது சரசரவென்று 0.7க்கு இறங்கியது, உடனே பீப் சத்தம், பெட்ரோல். "அழுத்தம் விழுந்தா கேஸ் ஈசியு, அதாவது கேஸ் கிட்டோட கம்ப்யூட்டர், இன்ஜெக்டர அதிக நேரம் திறந்து வச்சு சமாளிக்கப் பாக்கும். ஒரு எல்லைக்கு மேல முடியாது, பெட்ரோலுக்கு விட்டுடும். புது ரெகுலேட்டர் போட்டும் விழுதுன்னா வழியில எங்கயோ அடைப்பு" என்றார்.

ரெகுலேட்டருக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவே உள்ளங்கை அளவில் ஒரு ஃபில்டர் உண்டு, மேலே அம்புக்குறி இருக்கும். கழற்றி வெட்டிக் காட்டினார். உள்ளே இருந்த தாள் முழுக்க அதே கருப்புப் பிசின். மெதுவாகப் போகும்போது தேவையான கேஸ் அதன் வழியே கசிந்து வந்துவிடும். மிதிக்கும்போதுதான் மூக்கடைத்தவன் ஓடுவது போல ஆகிவிடும். பழைய பட்டறை ரெகுலேட்டரையே மாற்றியிருக்கிறது, ஆனால் பக்கத்திலேயே தொங்கிய இந்த ஃபில்டரைத் தொடவில்லை. கிட்டைப் பொறுத்து 10,000 முதல் 20,000 கிலோமீட்டருக்குள் மாற்ற வேண்டிய, சர்வீஸிலேயே மலிவான பொருள் அது. கேஸ் வரும் வழியைத் திறந்து மூடும் சோலினாய்டு வால்வுக்குள் இன்னொரு சின்ன ஃபில்டர் இருக்கிறது, அதையும் மாற்றினார். மறுபடி அதே ஏற்றம், அதே மிதி, அழுத்தம் 1.1க்குக் கீழே போகவில்லை. அந்தத் திரையைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையான ஆத்திரம் வந்தது.

அடுத்தது சூட்டில் ஸ்டார்ட் ஆகாத பிரச்சினை. இந்த வகைக் கிட்டில் இன்ஜின் பெட்ரோலில்தான் ஸ்டார்ட் ஆகும், ரெகுலேட்டர் சூடான பிறகே கேஸுக்கு மாறும். அதனால் ஸ்டார்ட்டிங்குக்கும் கேஸுக்கும் சம்பந்தமே இல்லை என்று பல பேர் சொல்வார்கள். சம்பந்தம் உண்டு. வண்டியை நிறுத்தியதும் சோலினாய்டு மூடிவிடும், ஆனால் ஹோஸுக்குள் அழுத்தத்தோடு கொஞ்சம் கேஸ் மிஞ்சியிருக்கும். அது எங்காவது கசிந்து, இன்ஜினுக்குக் காற்று போகும் வழியான இன்டேக்குக்குள் நிறைந்துவிட்டால், அடுத்த ஸ்டார்ட்டில் பெட்ரோலும் சேர்ந்து கலவை தடித்துவிடும். ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்தால் ஸ்டார்ட் ஆனதற்குக் காரணம் அதுதான், மிதிக்கும்போது காற்று அதிகம் போகிறது, பெட்ரோல் இன்ஜெக்ஷனும் குறைகிறது.

கசிவுக்கு இரண்டு வழி. டயஃப்ரம் கிழிந்திருந்தால் ரெகுலேட்டரிலிருந்து இன்டேக்குக்குப் போகும் வேக்கம் ஹோஸ் வழியே வரும். இல்லையென்றால் ஏதாவது ஒரு கேஸ் இன்ஜெக்டர் சரியாக மூடாமல் விடும். கேஸில் ஓட்டி நிறுத்திவிட்டு, ஒவ்வொரு இன்ஜெக்டரின் வெளிக்குழாயையும் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் வைத்தார். மூன்றாவதில் மட்டும் விடாமல் குமிழி வந்தது. ரெகுலேட்டர் எதுவாக இருந்தாலும் வேக்கம் ஹோஸையும் பார்க்க வேண்டும், புது ரெகுலேட்டரில் அங்கே சொட்டுக் கேஸ் இல்லை. பழைய ரெகுலேட்டரைப் பற்றி இனி யாரும் நிரூபிக்க முடியாது, அதைத்தான் குப்பையில் போட்டுவிட்டார்களே. ஆனால் மாற்றிய பிறகும் இரண்டு குறையும் அப்படியே இருந்தன என்பது போதும் எனக்கு.

"இன்ஜெக்டர் சர்வீஸ்" என்று பணம் வாங்கியிருந்தார்கள் அல்லவா? இன்ஜெக்டர்கள் வரிசையாக மாட்டியிருக்கும் அந்த ரெயிலின் ஸ்க்ரூவில் ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. கழற்றியபோது மூன்றாவதின் சின்ன பிஸ்டன் பிசினில் ஒட்டி, ரப்பர் நுனி சரியாக உட்காராமல் இருந்தது. நான்கையும் கழுவி, ரப்பர் கிட் மாற்றி, பிஸ்டன் எவ்வளவு மேலெழுகிறது என்பதை டயல் கேஜ் வைத்து நான்கிலும் ஒரே அளவாக்கினார்.

ஆக அந்தப் பட்டறை உண்மையில் செய்தது என்ன? ரெகுலேட்டர் மாற்றியது போக, எப்போது எவ்வளவு கேஸ் விட வேண்டும் என்று கேஸ் ஈசியுவுக்குச் சொல்கிற கேஸ் மேப்பை எல்லா இடத்திலும் தூக்கிவிட்டிருக்கிறார்கள். நான் பார்க்கும்போது லேப்டாப் வரவில்லை, டெலிவரிக்கு முன் வந்திருக்கிறது. அடைப்பை எடுக்காமல் கேஸை அதிகம் ஊற்றி மறைக்கும் வேலை. முதல் சில நாள் இழுத்தது அதனால்தான். கேஸ் அதிகமானதும் காரின் சொந்த ஈசியு, 'எரிபொருள் கூடிவிட்டது' என்று, எரிபொருள் அளவுக்காகத் தன் நினைவில் வைத்திருக்கும் நீண்டகாலத் திருத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது. அதே திருத்தத்தோடு மறுநாள் காலை பெட்ரோலில் ஸ்டார்ட் செய்தால் பெட்ரோல் போதாமல் போகும். காலை ஸ்டார்ட் கெட்ட மர்மம் அதுதான். மேப்பை மறுபடி ஒழுங்காகப் போட்டு, திருத்தத்தை அழித்த பிறகு அதுவும் சரியானது. இந்த மொத்த வேலைக்கும் ஆன செலவு அந்த ஒன்றரை மாதச் சம்பளத்தில் ஒரு சிறு பகுதி.

பில்லைக் காட்டி அந்தப் பட்டறையில் கேட்டேன். "வேற ஆள் கை வச்ச வண்டிக்கு நாங்க பொறுப்பில்ல" என்று முடித்துவிட்டார்கள்.

விவரமாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது, அவசரமாக ஐந்து விஷயம் மட்டும். மிதிக்கும்போது கேஸ் அழுத்தம் எவ்வளவு என்று திரையில் காட்டாதவரை ரெகுலேட்டர், இன்ஜெக்டர் எதற்கும் பணம் கொடுக்காதீர்கள். முதலில் ஃபில்டரை மாற்றிப் பாருங்கள். கழற்றிய பழைய பொருளை கையில் வாங்காமல் பாக்கிப் பணம் தராதீர்கள். சோப்புத் தண்ணீர் சோதனையை நீங்களாகச் செய்யாதீர்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கி நிற்கும், மூடிய இடத்தில் ஒரு பொறி போதும். இரண்டாவது மெக்கானிக் திறந்தவெளியில் வைத்துத்தான் செய்தார். பில்லில் 'சர்வீஸ்' என்று ஒரே வரி எழுதினால் என்ன கழற்றினீர்கள் என்று எழுதி வாங்குங்கள்.