ஃபிளைட் கேன்சல் ஆன ராத்திரி: ஃபிராங்க்ஃபர்ட்ல இருந்து ஊருக்கு

2024 டிசம்பர்ல தங்கச்சி வளைகாப்புக்கு தஞ்சாவூர் கிளம்பினோம், நான், வீட்டுக்காரர், 6 வயசு பையன். ஃபிராங்க்ஃபர்ட்ல இருந்து வளைகுடா வழியா சென்னை, ஒரே டிக்கெட். கேட் கிட்ட உட்கார்ந்திருக்கும்போது ராத்திரி 9 மணிக்கு டெக்னிக்கல் ஃபால்ட், கேன்சல்னு சொல்லிட்டாங்க.

உடனே ஆப்ல ரீஃபண்ட் பட்டன் வந்துச்சு, பக்கத்துல நின்ன ஒரு தம்பி பட்டுனு அமுக்கிட்டார். பாவம், பணத்தை திருப்பி வாங்கிட்டா அதோட கணக்கு முடிஞ்சது, வேற ஃபிளைட், ஹோட்டல் எல்லாம் நம்ம தலையில. நான் அமுக்கலை. கவுன்டர்ல ரெண்டு நாள் கழிச்சு சீட்டுன்னாங்க, ஐரோப்பிய விதி 261 படி சீக்கிரமா போற வழி தரணும், நாளைக்கு இன்னொரு ஏர்லைன்ல சீட் இருக்கேன்னு போன்ல காட்டினேன், முக்கால் மணி நேரம் முனகிட்டு மாத்திக் கொடுத்தாங்க.

சாப்பாட்டு வவுச்சர் ஆளுக்கு 10 யூரோ, அதை வச்சு என்ன வாங்க, பாதி கடை மூடியாச்சு. ஹோட்டல் நீங்களே பாத்துக்கோங்கன்னுட்டாங்க. ரூம், டாக்சி, பையனுக்கு வாங்கின பால் வரைக்கும் பில் எடுத்து வச்சேன், ஆடம்பரமா இல்லாம இருந்தா அதை அவங்க தான் கொடுக்கணும். கேன்சல் மெசேஜை நேரத்தோட ஸ்கிரீன்ஷாட், போர்டு போட்டோ, பழைய போர்டிங் பாஸ் எல்லாம் பத்திரம். கேன்சலுக்கு என்ன காரணம்னு அங்கயே மெயில்ல எழுதி வாங்கினேன், இதுதான் பின்னாடி காப்பாத்துச்சு.

நஷ்ட ஈடு தனி. 3,500 கிலோமீட்டருக்கு மேல போற பயணத்துக்கு ஆளுக்கு 600 யூரோ, டிக்கெட் எடுத்த குழந்தைக்கும் உண்டு. மாத்தி கொடுத்த ஃபிளைட் 4 மணி நேரத்துக்குள்ள லேட்டா கொண்டு சேர்த்தா பாதியா குறைக்கலாம், எங்களுக்கு 20 மணி நேரத்துக்கு மேல போச்சு. 14 நாள் முன்னாடியே கேன்சல்னு சொல்லிட்டா ஒண்ணும் கிடையாது.

முதல் பதில், "அசாதாரண சூழ்நிலை, தர முடியாது". பனி, புயல்னா சரி, ஆனா சாதாரண மெஷின் கோளாறு அதுல சேராதுன்னு ஐரோப்பிய நீதிமன்றம் 2008லயே தீர்ப்பு சொல்லியிருக்கு, அதையும் அவங்க எழுதின மெயிலையும் சேர்த்து அனுப்பினேன். அடுத்து ஆளுக்கு 800 யூரோ டிராவல் வவுச்சர் தரோம், கையெழுத்து போடுங்கன்னாங்க. நாம கையெழுத்து போட்டா மட்டும்தான் பணத்துக்கு பதில் வவுச்சர் தர முடியும், அதனால போடலை. ஏழாவது வாரம் 1,800 யூரோ, பில் காசு தனியா, அக்கவுன்ட்ல ஏறிடுச்சு.

ஒண்ணு மட்டும், சென்னையில இருந்து திரும்பி வரும்போது இந்த விதி ஐரோப்பிய ஏர்லைனுக்கு மட்டும்தான், நாங்க எடுத்தது வளைகுடா ஏர்லைன், ரிட்டர்ன் கேன்சல் ஆனா இந்த 600 கேட்க முடியாது. வீட்டுக்காரர் அடுத்த தடவை ரிட்டர்ன் மட்டும் ஐரோப்பிய ஏர்லைன்ல போடலாம்கிறார், விலையைப் பார்த்துட்டு பேசுவோம்னு வச்சிருக்கேன்.