வேலை மெதுவாக நகரும் வாரம்: சதவீதமா, எண்ணிக்கையா?

பழைய மென்பொருளிலிருந்து 40 அறிக்கைகளைப் புதியதற்கு மாற்றும் வேலை. வாரத்துக்கு 5 என்பது திட்டம். நான்காம் வார முடிவில் 20 முடிந்திருக்க வேண்டும். முடிந்தது 14, அதில் இந்த வாரம் 2 மட்டும்.

“60% முடிந்தது, வேலை நடந்துகொண்டிருக்கிறது” என்று வாடிக்கையாளருக்கு எழுதும் வாராந்திரக் கடிதத்தில் எழுதலாம். பாதியில் நிற்பதையும் சேர்த்தால் 60 வந்துவிடும். பொய்யென்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அடுத்த வாரம் 62, அப்புறம் 63. தேதி தள்ளிப்போவதை வாடிக்கையாளர் கடைசியில்தான் கண்டுபிடிப்பார்.

எண்ணிக்கையாக எழுதினால் இப்படி வரும்: “சரிபார்த்து ஏற்கப்பட்டவை 14, திட்டம் 20. இந்த வாரம் 2. தரவுத்தள அனுமதி செவ்வாய் முதல் நிலுவையில் உள்ளது. இதே வேகத்தில் மீதி 26-க்கு 13 வாரம். அனுமதி கிடைத்து வாரத்துக்கு 5 முடிந்தால் 6 வாரம். வியாழனுக்குள் உங்கள் தரப்பில் அனுமதி தேவை.”

இதுவே மேல். “துரதிர்ஷ்டவசமாக”, “கடுமையாக உழைக்கிறோம்” இரண்டும் வேண்டாம். யார் அனுமதி தரவில்லை என்று பெயர் போட்டால் கடிதம் புகாராகிவிடும். எது, எந்த நாளிலிருந்து நிற்கிறது என்பது போதும். ஒன்று மட்டும் கவனம்: அறிக்கைகளின் அளவு பெரிதும் மாறுபட்டால் 13 வாரம், 6 வாரம் என்ற கணக்கு பொய்த்துவிடும். அப்போது சிறியது, பெரியது என்று பிரித்து எண்ணுங்கள்.