சனிக்கிழமை இருபது நிமிடமா, ஞாயிறு ராத்திரி ஒரு மணி நேரமா?

திருப்பூரில் ஏற்றுமதி பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். எங்கள் பக்கம் வாரம் முடிவது சனிக்கிழமை சாயங்காலம்தான். லீவு ஒரே நாள். அந்த ஞாயிற்றுக்கிழமையும் ஆறு மணி ஆகி, மகளின் யூனிஃபார்மை இஸ்திரி போட எடுக்கும்போதே எனக்கு வயிற்றைப் பிசைய ஆரம்பித்துவிடும். திங்கள் காலை 9:30க்கு புரொடக்‌ஷன் மீட்டிங். எந்த ஸ்டைல் எங்கே நிற்கிறது என்று கேட்பார்கள். எதையோ மறந்துவிட்டோம், எது என்றுதான் தெரியவில்லை என்பது போன்ற ஒரு பதற்றம் ராத்திரி ஒரு மணி வரை விடாது.

இதற்கு நான் மாறி மாறிச் செய்துபார்த்த வழிகள் மூன்று. ஞாயிறு ராத்திரியே ஒரு மணி நேரம் லேப்டாப்பைத் திறந்து வேலையை முடித்துவைப்பது முதலாவது. கவலைக்கென்று தனியாக ஒரு நேரம் ஒதுக்குவது இரண்டாவது. சனிக்கிழமை கிளம்பும் முன் இருபது நிமிடம் உட்கார்ந்து வாரத்தை எழுதி மூடிவிட்டு வருவது மூன்றாவது. இப்போது நான் இருப்பது மூன்றாவதில். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

படம் பார்ப்பது, கோயிலுக்கோ கடைவீதிக்கோ போய்வருவது எல்லாம் நல்லதுதான், ஆனால் வீடு திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து கவலை தொடரும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டு, ஐந்தரைக்கு ஸ்ட்ராங்காக ஒரு காபியும் குடித்தால் ராத்திரி தூக்கம் வராது. அதைப் பயம் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. இதை மட்டும் சரி செய்தாலே சிலருக்குப் பாதி குறையும்.

ஞாயிறு ராத்திரி வேலை செய்யும் வழியை இரண்டு வருடம் வைத்திருந்தேன். எட்டு மணிக்கு மெயிலைத் திறப்பேன். ஆரம்பத்தில் நன்றாகவே இருந்தது. மீட்டிங்கில் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்ல முடிந்தது. அப்புறம்தான் அதன் கோளாறு புரிந்தது. ஞாயிறு ராத்திரி என்னால் பிரச்சினையைப் படிக்க முடியும், தீர்க்க முடியாது. டையிங் ஆபீஸில் போனை எடுக்க ஆள் இருக்காது. பிரிண்டிங்காரர் ஊரில் இருக்க மாட்டார். ஜெர்மனியில் இருக்கும் பையருக்கும் அன்று லீவு. ஆக, எட்டு மணிக்குப் புதிதாக மூன்று சிக்கல்களைத் தெரிந்துகொண்டு, ஒன்றுக்கும் கை வைக்க முடியாமல் படுக்கப் போவேன். அது போக, ஒரு ஞாயிறு ராத்திரி பையரின் ஏஜென்டுக்குப் பதில் போட்டேன். சில வாரங்களில் ஞாயிற்றுக்கிழமை கேள்வி வருவது வழக்கமாகிவிட்டது. ஒரு மணி நேரம் என்று தொடங்கியது மெல்ல மெல்ல மூன்று மணி நேரமானது.

கவலைக்கு நேரம் ஒதுக்கும் முறை மனநல மருத்துவத்தில் பழையது. 1983இல் போர்கோவெக் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் இதைச் சோதித்து எழுதினார்கள். தினமும் ஒரே இடம், ஒரே நேரம், அரை மணி. மற்ற நேரத்தில் கவலை வந்தால் 'அதை அங்கே பார்த்துக்கொள்வோம்' என்று தள்ளிவைக்க வேண்டும். நான் இதை ஞாயிறு நாலரை மணிக்கு மொட்டை மாடியில் நான்கு வாரம் மட்டும்தான் செய்தேன், அதுவும் தினமும் இல்லை. அதனால் இதைப் பற்றி உறுதியாகப் பேச எனக்குத் தகுதி குறைவு. அம்மாவின் உடல்நிலை, மகளின் படிப்பு மாதிரி திங்கட்கிழமை போன் போட்டு முடிக்க முடியாத கவலைகளுக்கு இது உதவியது. ஆர்டர் பற்றிய கவலைக்கு உதவவில்லை. அதற்கு யோசிக்க வேண்டியது இல்லை, செய்ய வேண்டியது இருந்தது.

சரி, சனிக்கிழமை வழிக்கு வருகிறேன். எங்கள் ஆபீஸில் மூத்த அக்கா ஒருவர் உண்டு. சனிக்கிழமை சம்பளப் பட்டுவாடா சத்தத்துக்கு நடுவே ஓரமாக உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருப்பார். ஒரு நாள் கேட்டேன். "மண்டையில வெச்சுட்டுப் போனா வீட்டுக்கும் கூடவே வருது கண்ணு. டைரியில வெச்சா இங்கயே கெடக்குது" என்றார்.

அவர் அனுபவத்தில் சொன்னதற்கு ஆராய்ச்சியிலும் துணை உண்டு. முடியாமல் பாதியில் நிற்கும் வேலை மனதில் அதிகம் தங்குகிறது என்று ப்ளூமா ஸைகார்னிக் 1927இல் பெர்லினில் எழுதினார். பின்னாளில் அதே சோதனையைச் செய்தவர்களுக்கு எல்லா முறையும் அதே முடிவு கிடைக்கவில்லை. ஆனால் 2011இல் மாசிகாம்போ, பௌமைஸ்டர் என்ற இருவர் செய்த ஆய்வு எனக்கு முக்கியமாகப் பட்டது. பாதி வேலை மனதைத் தொந்தரவு செய்வதை நிறுத்த அந்த வேலையை முடித்தாக வேண்டும் என்பதில்லை. எப்போது, எப்படிச் செய்வோம் என்று தெளிவாகத் திட்டமிட்டாலே தொந்தரவு குறைகிறது என்று அவர்கள் கண்டார்கள். இங்கே 'தெளிவாக' என்ற சொல்தான் எல்லாம். நான் முதல் இரண்டு மாதம் தோற்றது அதில்தான்.

அந்த நாட்களில் டைரியில் இப்படி எழுதியிருப்பேன்: 'நேவி ப்ளூ ஷேடு பிரச்சினை. பார்க்க வேண்டும்.' ஞாயிறு ராத்திரி அது அப்படியே திரும்பி வரும். என்ன பார்க்க வேண்டும், யாரைக் கேட்க வேண்டும் என்பது அதில் இல்லாததால் மனம் அந்தக் கணக்கை மறுபடியும் போடும்.

இப்போது அதே பிரச்சினையை எழுதும் விதம் வேறு. டி-ஷர்ட் ஆர்டர் ஒன்றில் நேவி ப்ளூ துணி இரண்டு லாட்டாக வந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றல்ல என்று சனிக்கிழமை மதியம் தெரிந்தது. கட்டிங் புதன்கிழமை. நான் எழுதியது: 'திங்கள் 8:45, இரண்டு லாட்டிலும் ஒரு துண்டு வெட்டி லைட் பாக்ஸில் வை. முதலில் டி65 விளக்கு, பிறகு டி.எல்.84. டி65இல் ஒத்துப்போய் டி.எல்.84இல் மாறினால் சாயக் கலவையில் வித்தியாசம், 9 மணிக்கு டையிங் மேனேஜருக்குப் போன். இரண்டிலும் வித்தியாசம் தெரிந்தால் மீட்டிங்கில் சொல்லி ரீ-டையிங் கேள். லாட் கலக்காமல் தனித்தனியாக வெட்டினால் பையர் ஏற்பாரா என்ற மெயில், 12 மணிக்குள்.' லைட் பாக்ஸ் என்பது துணியின் நிறத்தை வெவ்வேறு விளக்குகளில் பார்க்கும் பெட்டி. அதில் டி65 பகல் வெளிச்சம் மாதிரி, டி.எல்.84 கடை வெளிச்சம் மாதிரி. ஒன்றில் பொருந்தும் நிறம் மற்றதில் பொருந்தாமல் போவது அடிக்கடி நடக்கும். எழுதி முடித்ததும் அந்த இரண்டு லாட் அட்டையையும் மேஜை நடுவில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். அந்த ஞாயிறு நேவி ப்ளூ ஒரு தடவை நினைவுக்கு வந்தது. 'எழுதியாச்சா? ஆச்சு' என்பதோடு போய்விட்டது.

ஓடும் ஒவ்வொரு ஆர்டருக்கும் இப்படி எங்கே நிற்கிறது, திங்கள் முதல் வேலை என்ன, யாரிடம், எத்தனை மணிக்கு என்று எழுதுகிறேன். எட்டு ஆர்டருக்கு இருபது நிமிடம் போதும். கடைசியில் ஒரு வரி சேர்ப்பேன்: திங்கள் மதியம் வரை தெரியவே முடியாதவை எவை என்று. ஜெர்மனியில் காலை ஒன்பது மணி என்றால் நமக்குக் கோடையில் 12:30, குளிர்காலத்தில் 1:30. உற்பத்தி தொடங்கும் முன் பையருக்கு அனுப்பும் பி.பி. சாம்பிளுக்கு அப்ரூவல் அதற்கு முன்னால் வராது என்று கைப்பட எழுதிவிட்டால், ஞாயிறு ராத்திரி போனை எடுத்து எடுத்துப் பார்க்கும் கை தானாக அடங்குகிறது. டைரி ஆபீஸ் டிராயரிலேயே இருக்கும். வீட்டுக்கு வருவதில்லை.

இனி, நான் முடிவெடுத்ததற்கு முக்கியக் காரணம். எந்த வழியானாலும் நல்ல வாரத்தில் வேலை செய்யும். மோசமான வாரத்தில் அது நம்மிடம் என்ன கேட்கிறது என்பதை வைத்துத்தான் நான் எடை போட்டேன். ஞாயிறு வேலை, வாரம் மோசமாக இருந்தால் தானும் பெரிதாகும். எந்த ஞாயிறு நமக்கு ஓய்வு அதிகம் தேவையோ அந்த ஞாயிறுதான் அது மூன்று மணி நேரம் கேட்கும். சனிக்கிழமை எழுத்து அப்படிப் பெருகாது. ஆபீஸ் வண்டி கிளம்பும் நேரம் அதற்கு ஒரு வேலி.

அதற்கும் பலவீனம் உண்டு. ஷிப்மென்ட் சனிக்கிழமைகளில் இரவு ஒன்பதரை வரை பேக்கிங்கில் நிற்பேன், உட்கார்ந்து எழுத முடியாது. அப்போது வண்டியில் வரும்போது கையில் இருக்கும் தாளில் மிக மோசமான மூன்று ஆர்டருக்கு மட்டும் மூன்று வரி எழுதுவேன். அதுவும் விட்டுப்போனால் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குள் வீட்டில் எழுதிவிடுவேன். தாளும் பேனாவும் மட்டும், லேப்டாப் கிடையாது. படுக்கப் போகும்போது எழுதினாலும் பயன் இருக்கிறது. 2018இல் அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத்தில் 57 பேரை வைத்துச் செய்த சோதனையில், படுக்கும் முன் ஐந்து நிமிடம் வரப்போகும் வேலைகளை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சுமார் ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். விவரமாக எழுதியவர்கள் இன்னும் சீக்கிரம் தூங்கினார்கள். சிறிய சோதனைதான், ஆனால் என் டைரி எனக்குச் சொன்னதும் அதுவே.

இந்த வழி யாருக்கு உதவாது என்றும் சொல்ல வேண்டும். எதை மறந்தோம் என்ற பயத்தை டைரி தீர்க்கும். யார் என்ன திட்டுவார்களோ என்ற பயத்தைத் தீர்க்காது. முன்பு நான் இருந்த இடத்தில் மேலதிகாரி ஒருவர் எல்லார் முன்னாலும் சத்தம் போடுவார். அப்போது இந்த முறை தெரிந்திருந்தாலும் பயன்பட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. வேலை மாறிய பிறகுதான் அந்தப் பயம் போனது. நைட் ஷிப்ட் மாறி மாறி வருபவர்களுக்கு வார முடிவு என்பதே வேறு, அவர்கள் நிலையில் நான் இருந்ததில்லை. ஞாயிறு மட்டும் இல்லாமல் தினமும் படபடப்பும் தூக்கமின்மையும் வாரக்கணக்கில் நீடித்தால் டாக்டரைத்தான் பார்க்க வேண்டும். டெலி-மானஸ் எண் 14416க்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள்.

மாதக் கடைசி ஷிப்மென்ட் வாரங்களில் எனக்கு இப்போதும் ஞாயிறு ஏழு மணி வாக்கில் வயிறு பிசைகிறது. அரை மணி நேரம் இருக்கும். பதினொரு மணிக்குத் தூங்கிவிடுகிறேன்.