ஐபோனில் குரல்வழி அவசர அழைப்பு: கவிழ்த்து வைத்தால் காது கேட்காது

"தனியா இருக்கிற அம்மாவுக்கு ஐபோன் வாங்கலாமா, விழுந்தா கூப்பிட்டா போதுமாமே?" என்று ஒரு நண்பர் கேட்டார். கேமரா, பேட்டரி கதையெல்லாம் ஊருக்கே தெரியும். அதனால் இந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுவோம். போன் பூட்டியிருந்தாலும் "ஹே சிரி, கால் 112" என்றால் சில நொடி எண்ணிவிட்டு அழைக்கும். தவறிச் சொல்லியிருந்தால் அதற்குள் நிறுத்திவிடலாம். எட்டி நின்று பேசினாலும் பெரும்பாலும் பிடித்துக்கொள்கிறது.

எரிச்சல் இனிமேல்தான். அம்மா குளியலறையில் வழுக்கி விழுகிறார். போன் படுக்கையறையில், ஃபிளிப் கவரை மூடி வைத்தபடி கிடக்கிறது. தொண்டை கிழியக் கத்தினாலும் பதில் வராது. முகப்பு மூடியிருந்தாலோ போன் கவிழ்ந்து கிடந்தாலோ சிரி காதைப் பொத்திக்கொள்ளும்படிதான் கம்பெனியே வைத்திருக்கிறது. பையில் கிடக்கிற போன் தானாக விழித்துக்கொள்ளக் கூடாதே என்ற நியாயம் புரிகிறது. ஆனால் விழுந்தவருக்கு அந்த நியாயம் எதற்கு?

மாற்ற வழி இருக்கிறது. Settings > Accessibility > Siri போய் Always Listen for என்று தொடங்கும் பொத்தானைப் போட்டுவிடுங்கள். பூட்டிய நிலையில் சிரி பேசுவதற்கான அனுமதி வேறொரு மெனுவில் இருக்கிறது. அதையும் பார்த்துவிடுங்கள். இன்னொன்று: போனை அணைத்துப் போட்டால் ஒருமுறையாவது பாஸ்கோடு அடித்துத் திறக்கும்வரை "ஹே சிரி" எடுபடாது. ராத்திரி சார்ஜ் தீர்ந்து அணைந்து, காலையில் தானாக எழுந்த போனுக்கும் இதே கதைதான்.

மகனுக்குப் பேசுவதில்தான் இன்னொரு இடறல். அவர் பெயரில் இரண்டு எண் இருந்தால் "எந்த எண்?" என்று சிரி கேட்டுக்கொண்டு நிற்கும். ஒரே எண்ணோடு, சொல்ல எளிதான பெயரில், ஆங்கில எழுத்தில் தனியாக ஒரு பதிவு போட்டுவிடுங்கள். அழைப்பு காதோரம் மட்டும் கேட்டால் தரையில் கிடப்பவருக்குப் பயனில்லை. Accessibility > Touch > Call Audio Routing போய் Speaker தேர்ந்தெடுங்கள். அதே இடத்தில் Auto-Answer Calls இருக்கிறது. திரும்பக் கூப்பிடும்போது கை நீட்டாமலே பேசலாம். ஆனால் யார் அழைத்தாலும் தானாக எடுத்துவிடும், அந்தச் சங்கடத்தையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

சோதிக்கும்போது 112-ஐத் தொடாதீர்கள், மகன் பெயரைச் சொல்லிப் பாருங்கள். போனைக் கவிழ்த்து, கவரை மூடி, கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டுப் பாருங்கள். அப்போதுதான் குட்டு வெளிப்படும்.

கை அசைகிறதென்றால் குரலை மறந்துவிடலாம். இந்தியாவில் பக்கவாட்டுப் பொத்தானை வேகமாக மூன்று முறை அழுத்தினாலே அவசர அழைப்பு போய்விடும். அந்த அழைப்பு முடிந்ததும், ஹெல்த் செயலியில் இருக்கிற மருத்துவக் குறிப்பான Medical ID-யில் அவசரத் தொடர்பாகச் சேர்த்து வைத்திருக்கும் உறவினர்களுக்கு நீங்கள் இருக்கும் இடமும் குறுஞ்செய்தியாகப் போகும். குரலில் கூப்பிட்டால் அதையும் எதிர்பார்த்துக் காத்திருக்காதீர்கள்.

வாங்கலாமா என்றால், வாங்குங்கள். ஆனால் குரலை நம்பி மட்டும் வாங்காதீர்கள். அந்த ஃபிளிப் கவரை முதலில் தூக்கிக் குப்பையில் போடுங்கள்.