ஸ்டோர் வாங்குவதா, எடுப்பதா, பங்கு போடுவதா: ஒரு கொப்பி வியாபாரியின் கணக்கு

புறக்கோட்டையில் பாடசாலைப் பொருள் மொத்த வியாபாரம் செய்கிறோம். கொப்பி, பேனை, ஃபைல், புத்தகப்பை. கடைக்கு மேலே இருந்த மாடி போதாமல் போனபின் மூன்று வகை ஏற்பாட்டையும் கிட்ட நின்று பார்த்தாயிற்று. வாடகை ஸ்டோரும், பலருடைய சரக்கை ஒரே இடத்தில் வைத்துப் பலட் கணக்கில் காசு எடுக்கும் பங்கு ஸ்டோரும் எங்கள் அனுபவம். சொந்த ஸ்டோர் மச்சானுடையது.

சொந்த ஸ்டோரைப் பற்றி நீட்ட மாட்டேன். மச்சான் மாறும் வட்டியில் வங்கிக் கடன் எடுத்துக் கட்டினார். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தியதும் அவருடைய தவணையும் பின்னாலேயே ஏறியது. சரக்கு வாங்க வைத்திருந்த காசு சுவருக்குள் போனது. இன்று அவர் நிம்மதியாகத்தான் இருக்கிறார், காணி விலையும் ஏறியிருக்கிறது. ஆனால் வியாபாரம் எந்த அளவில் போய் நிற்கும் என்று தெரியாத ஆண்டுகளில் கட்டடத்தின் அளவை முடிவு செய்வது கஷ்டம். என் கருத்தில், ஐந்து வருடமாக மாறாத அடிச்சரக்கு இருப்பவருக்கே அது பொருந்தும்.

எங்கள் சரக்கு அப்படி நிற்பதில்லை. பாடசாலை தொடங்குவதற்கு முந்திய மூன்று மாதம் 300 பலட் வரை ஏறும். மற்ற ஒன்பது மாதம் 130 சுற்றி. இதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஸ்டோர் பார்க்கப் போகும்போது மனதில் இருப்பது நெருக்கடி மாதம். வாடகையோ காலியாகக் கிடக்கும் மாதத்துக்கும் அதேதான்.

எங்கள் விலைகளை முழு எண்ணாக்கிச் சொல்கிறேன். வத்தளைப் பக்கம் சதுர அடி 110 ரூபாய்க்கு 5,000 சதுர அடி எடுத்து ரக் போட்டால் 300 பலட் நிற்கும். வாடகை ஐந்தரை இலட்சம். காவல், மின்சாரம், ஸ்டோர்கீப்பர், இரண்டு பெடியன்கள், காப்புறுதி எல்லாம் சேர்ந்து மாதம் எட்டரை இலட்சம், வருடம் 102 இலட்சம். ரக் விலை இதில் இல்லை. பங்கு ஸ்டோரில் ஒரு பலட்டுக்கு ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி சேர்த்து மாதம் 4,300 ரூபாய் விழுந்தது. ஒன்பது மாதம் 130 பலட், மூன்று மாதம் 300 பலட் என்றால் வருடம் 89 இலட்சம். மூன்றாவது வழி, 150 பலட் கொள்ளும் 3,000 சதுர அடியை எடுத்து, நெருக்கடி மூன்று மாதத்துக்கு மிச்சம் 150 பலட்டைப் பங்கு ஸ்டோரில் போடுவது. வாடகை 3 இலட்சத்து 30 ஆயிரம், மற்றச் செலவு 2 இலட்சத்து 30 ஆயிரம், அதோடு பங்கு ஸ்டோர் பில். வருடம் 86 இலட்சத்து 55 ஆயிரம்.

பங்கு ஸ்டோருக்கும் இதற்கும் வித்தியாசம் இரண்டரை இலட்சம்தான். அதற்காக மட்டும் மாறியிருக்க மாட்டோம். பங்கு ஸ்டோரில் பகல் இரண்டு மணிக்குப் பிறகு கொடுக்கும் ஓடர் அடுத்த நாள்தான் வெளியே வரும். புறக்கோட்டையில் மட்டக்களப்புக் கடைக்காரர் நாலரை மணிக்கு வந்து, இரவு லொறியில் ஏற்றுங்கள் என்பார். பெட்டியை உடைத்து இருபது பேனைப் பக்கெட் எடுப்பதற்குத் தனிக் கூலி. பாதிப் பலட்டுக்கும் முழுப் பலட் காசு. வேகமாக ஓடும் சரக்கு கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதால்தான் மூன்றாவது வழிக்கு வந்தோம். சீசன் சரக்குக்குப் பங்கு ஸ்டோர் இன்றும் நல்லது: கணக்கு சுத்தம், ஆட்கள் தொல்லை இல்லை. ஒப்பந்தத்தில் இரண்டு இடத்தை மட்டும் பாருங்கள். பில் நிலுவை இருந்தால் சரக்கைப் பிடித்துவைக்கும் உரிமை அவர்களுக்கு எவ்வளவு தூரம் இருக்கிறது, சரக்கு பழுதானால் எந்த எல்லைவரை தருவார்கள். எங்களுக்கு நிறைக்கணக்கில் எல்லை போட்டிருந்தார்கள். கொப்பிக்கு அது பரவாயில்லை, கல்குலேட்டருக்கு ஒன்றுமே இல்லை.

இனிக் குத்தகை. மேலே சொன்ன இரண்டரை இலட்சத்தை ஒரே ஒரு சொல் விழுங்கிவிடும். மாத வாடகை ஒரு இலட்சத்தைத் தாண்டினால், இங்கே வசிக்கும் உரிமையாளருக்குக் கொடுக்கும்போது 10 சதவீதத்தைப் பிடித்து இறைவரித் திணைக்களத்துக்குக் கட்ட வேண்டும். உரிமையாளர் 'எல்லா வரியும் போக, கையில் 3 இலட்சத்து 30 ஆயிரம்' என்று எழுதச் சொன்னால் நீங்கள் உண்மையில் கொடுப்பது 3 இலட்சத்து 66 ஆயிரத்துக்கு மேல். வருடத்துக்கு நான்கு இலட்சத்து நாற்பதாயிரம் கூட. எங்கள் வரைவில் அந்த வாசகம் ஆறாம் பக்கத்தில், பேச்சில் ஒருதரமும் வராத விஷயமாக இருந்தது. மாற்றும்வரை கையெழுத்து வைக்கவில்லை. உரிமையாளர் வற் பதிவு உள்ளவரா என்பதையும் அப்போதே கேளுங்கள். நீங்களும் பதிவு என்றால் அந்த 18 சதவீதத்தைக் கழிக்கலாம், இல்லாவிட்டால் அது செலவு.

வருடாந்த உயர்வு அடுத்தது. வருடம் 10 சதவீதம் என்றால் 110 ரூபாய் ஐந்தாம் வருடம் 161. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 15 சதவீதம் என்றால் 145 சொச்சம். நாங்கள் இரண்டாவதைக் கேட்டு வாங்கினோம், பதிலுக்கு முற்பணத்தைக் கூட்டிக் கொடுத்தோம். அந்த முற்பணம் மாதாமாதம் கழியுமா, கடைசியில் திரும்புமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, நொத்தாரிசு முன் இரண்டு சாட்சியோடு எழுதப்படாவிட்டால் சட்டத்தில் செல்லாது. 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இன்னும் அதைத்தான் சொல்கிறது. முத்திரை ஒட்டிய வீட்டுக் கடதாசியில் ஐந்து வருடம் என்று எழுதி ரக் பூட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உறுதியைக் காணிப் பதிவகத்தில் பதியுங்கள். பதிவதற்கு முன் அந்தக் காணியின் பதிவுப் பிரதியை எடுத்து ஈடு இருக்கிறதா பாருங்கள். உங்களுக்கு முந்தியே வங்கிக்கு ஈடு வைத்த இடமென்றால், கடன் கட்டாத நாளில் வங்கி நீதிமன்றம் போகாமலே ஏலம் விடலாம். அப்போது உங்கள் குத்தகை நிற்காமல் போகலாம். வங்கியின் எழுத்துச் சம்மதம் கேட்பது அதற்குத்தான்.

இடத்தை வெயிலில் பார்த்து முடிவெடுக்காதீர்கள். களனி ஆற்றுப் பக்கம் 2016 மே மாதமும் 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடும் தண்ணீர் வந்தது. ஸ்டோர் சுவருக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தால் வெளியே வந்து பக்கத்து மதிலைப் பாருங்கள். கறைக்கோடு அங்கே இருக்கும். ஒரு பேலியகொடை ஸ்டோரில் அந்தக் கோடு என் இடுப்பளவு. எதிரில் தேநீர்க்கடைக்காரர் கேட்காமலே மிச்சத்தைச் சொன்னார். காப்புறுதியில் வெள்ளம் சேர்ந்திருக்கிறதா, சரக்கை நிலத்திலிருந்து எத்தனை அங்குலம் உயர்த்தி வைக்க வேண்டும் என்று நிபந்தனை உண்டா என்று பாருங்கள். பயன்படுத்த முடியாத நாட்களுக்கு வாடகை நிற்க வேண்டும் என்ற வாசகம் எங்கள் உறுதியில் உண்டு.

வாசலை 40 அடி கொன்டெய்னரோடு சோதியுங்கள், அளவுநாடா போதாது. ஒழுங்கை முனையில் மின்கம்பம் நின்றால் லொறி திரும்பாது. சரக்கைச் சின்ன லொறிக்கு மாற்றி ஏற்ற வேண்டும், நாட்டாமிமாருக்கு இரட்டைக் கூலி, கொன்டெய்னர் தாமதக் காசு வேறு.

குத்தகையிலிருந்து விலகுவது பற்றிய வாசகம் கடைசியாகச் சண்டைபோட்ட இடம். உரிமையாளர் தனக்கு மட்டும் மூன்று மாத அறிவித்தல் உரிமை வைத்திருந்தார். முதல் மூன்று வருடம் அவர் எழுப்ப முடியாது, அதன்பின் இருவருக்கும் ஆறு மாதம் என்று முடிந்தது. போகும்போது ரக் எங்களுடையது, நிலத்தில் போட்ட ஆணித் துளைகளை அடைத்துக் கொடுப்பது எங்கள் பொறுப்பு, நாங்கள் இழுத்த மும்முனை மின்சாரம் அவருக்கு. அந்த மின்சாரச் செலவில் பாதியைக் கேட்டோம், தரவில்லை. இரண்டு மாத வாடகை குறைத்தார்.