பெயர் கிடைக்காதபோது ஊர் கைகொடுத்தது: மூன்று வருட அனுபவம்

எனக்குச் சொந்த ஊர் மேலூர். வீட்டிலிருந்தே ரவிக்கைக்கு ஆரி வேலை செய்து கொடுக்கிறேன். 2021-இல் இன்ஸ்டாகிராமில் கணக்கு தொடங்கியபோது `kayalvizhi` என்ற என் பெயரை யாரோ ஏற்கெனவே எடுத்திருந்தார்கள். முன்னாலும் பின்னாலும் ஒரு கோடு போட்டால் கிடைத்தது. அதனால் `_kayalvizhi_` என்று வைத்துக்கொண்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரு வருடம் ஓட்டினேன். அப்புறம் மாற்றினேன். மாற்றி மூன்று வருடம் ஆகிறது.

முதலில் அந்தக் கோடு என்ன செய்தது என்று சொல்லிவிடுகிறேன். போனில் யாராவது "உங்க ஐடி என்னக்கா?" என்று கேட்டால், அண்டர்ஸ்கோர் என்பதை விளக்கவே இரண்டு நிமிடம் ஆகும். கீழே ஒரு கோடு என்றால் சிலர் நடுக்கோட்டைப் போடுவார்கள். சிலருக்குப் போன் விசைப்பலகையில் அந்தக் குறி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. இதைவிடப் பெரிய சிக்கல் வாட்ஸப்பில் வந்தது. ஒரு சொல்லின் இரு பக்கமும் அண்டர்ஸ்கோர் போட்டால், வாட்ஸப் அதைச் சாய்வெழுத்துக்கான குறியாக எடுத்துக்கொள்ளும். கோடு இரண்டும் மறைந்து, பெயர் மட்டும் சாய்ந்து நிற்கும். ஒரு கல்யாணப் பெண் என் ஐடியைத் தன் தோழிகள் குழுவில் தட்டிப் போட்டிருக்கிறாள். அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது வெறும் kayalvizhi. அதைத் தேடிப் போனவர்கள் யாரோ ஒரு கயல்விழியின் குடும்பப் படங்களைப் பார்த்துவிட்டு, "அக்கா, உங்க பேரைப் போட்டா வேற யாரோ வர்றாங்க" என்றார்கள். திரும்பி வந்து சொன்னவர்கள் இரண்டு பேர். சொல்லாமல் போனவர்கள் எத்தனை பேரோ.

மாற்றலாம் என்று உட்கார்ந்தபோது, எல்லோரும் செய்வதையெல்லாம் நானும் செய்து பார்த்தேன். அப்பா பெயரின் எழுத்தை முன்னால் சேர்த்தால் `skayalvizhi`. அதைப் படிக்கிறவர்கள் "ஸ்கயல்" என்றார்கள். பின்னால் சேர்த்தால் `kayalvizhis`. நிறைய கயல்விழிகள் இருப்பது போல் ஆகிவிட்டது. கடைசி எழுத்தை இரட்டிப்பது எல்லாவற்றையும் விட மோசம், ஏனென்றால் காதில் கேட்க இரண்டும் ஒன்றுதான். வருட எண் போட்டால் பிறந்த வருடம் என்றுதான் நினைப்பார்கள்.

இன்னொரு விஷயமும் அப்போதுதான் புரிந்தது. நம் பெயர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டல் கிடையாது. ழ-வுக்கு நான் zh போடுவேன், வாடிக்கையாளர் l போடுவார், இன்னொருவர் வெறும் z போடுவார். எனவே `kayalvizhi` எனக்கே கிடைத்திருந்தாலும் பாதிப் பேர் தவறாகத்தான் தட்டியிருப்பார்கள். ழ வருகிற பாதியை விட்டுவிட்டு `kayal` மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். அதுவும் தனியாகக் கிடைக்கவில்லை.

வழி காட்டியது என் அத்தை. எங்கள் சொந்தத்தில் மூன்று கயல் இருக்கிறோம். பேச்சுவாக்கில் என்னை "மேலூர்க் கயலு" என்பார், இன்னொருத்தியை "டீச்சர் கயலு" என்பார். ஒரே பெயரில் பலர் இருந்தால் ஊரைச் சொல்லியோ தொழிலைச் சொல்லியோ தெருவைச் சொல்லியோதான் நாம் பிரித்து அழைக்கிறோம். யாரும் "கயல் 93" என்று கூப்பிடுவதில்லை. ஜனங்கள் ஏற்கெனவே சொல்கிற அந்த அடையாளத்தையே எழுதினேன்: `melurkayal`. கிடைத்தது. ஊர்ப் பெயரில் இன்னொரு வசதியும் இருக்கிறது. பஸ் போர்டிலும் கடைப் பலகைகளிலும் Melur என்று பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டதால், அதை யாரும் பிழையாகத் தட்டுவதில்லை.

எடுப்பதற்கு முன் ஒரே நாளில் எல்லா இடத்திலும் தட்டிப் பார்த்தேன். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு விதி. இன்ஸ்டாகிராம் 30 எழுத்து வரை விடும், புள்ளியும் அண்டர்ஸ்கோரும் போடலாம். எக்ஸ் தளத்தில் 15 எழுத்துதான், புள்ளி போட முடியாது. ஜிமெயிலில் அண்டர்ஸ்கோர் போட முடியாது, குறைந்தது 6 எழுத்து வேண்டும். புள்ளியை ஜிமெயில் கணக்கிலேயே எடுப்பதில்லை, `melur.kayal` என்று அனுப்பினாலும் `melurkayal` பெட்டிக்கே வரும். ஆக, புள்ளியோ கோடோ வைத்த பெயரை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ளவே முடியாது. வெறும் எழுத்தாக, 6-லிருந்து 15-க்குள் இருந்தால் எங்கேயும் செல்லும். என்னுடையது 10.

கடைசிச் சோதனையாக அத்தைக்குப் போன் போட்டு, "இன்ஸ்டாவுல மேலூர் கயல்னு சேர்த்து அடிங்க அத்தை" என்று மட்டும் சொன்னேன். எழுத்துக்கூட்டிச் சொல்லவில்லை. முதல் தடவையே சரியாக அடித்துவிட்டார். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

ஆடி மாதத்தில் மாற்றினேன். கல்யாணம் இல்லாத மாதம், ஆர்டர் குறைவு, ஆவணி முகூர்த்தம் தொடங்குவதற்குள் புதுப் பெயர் பழகிவிடும். இன்ஸ்டாகிராமில் பெயரை மாற்றினால், பெரும்பாலும் 14 நாளுக்குள் பழைய பெயருக்கே திரும்பிவிடலாம். அதற்குப் பிறகு பழைய பெயரை வேறு யாரும் எடுக்கலாம் என்பதால், அந்த இரண்டு வாரத்துக்குள் எல்லோருக்கும் சொல்லி முடித்தேன். அச்சடித்த கார்டில் மீதி இருந்தவற்றில் பழைய ஐடியின் மேல் சின்ன ஸ்டிக்கர் ஒட்டினேன். "கயல்விழி, ஆரி வேலை" என்பதைத் தமிழிலேயே பெயர்க் கட்டத்தில் போட்டேன். இந்தக் கட்டம் வேறு, ஐடி வேறு. இதில் யார் பெயர் வைத்திருந்தாலும் நாமும் வைக்கலாம், தேடலிலும் வரும். முழுப் பெயர் போய்விட்டதே என்ற என் வருத்தம் அதோடு தீர்ந்தது.

தொழிலையே சேர்த்து `kayalaari` என்றும் யோசித்தேன். நல்லவேளை, வைக்கவில்லை. இப்போது சுடிதாரும் பட்டுப்பாவாடையும் கூடத் தைக்கிறேன், அந்தப் பெயர் இன்று இடித்திருக்கும். இரண்டு வருடம் முன்பு மதுரை நரிமேட்டுக்குக் குடிவந்துவிட்டேன், ஆனால் மேலூர்ப் பெயர் இடிக்கவில்லை. சொந்த ஊர் சொந்த ஊர்தானே.

எல்லோருக்கும் இது அப்படியே பொருந்தாது. மதுரைக்குள் இருக்கிறவர்கள் `madurai` என்று தொடங்கினால் அநேகமாக எடுக்கப்பட்டிருக்கும், பேட்டைக்கு இறங்கி வர வேண்டும். `sellurkannan` போல. ஊர்ப் பெயர் நீளமாக இருந்தால் எக்ஸ் தளத்தின் 15 தாண்டிவிடும். உசிலம்பட்டியே 11 எழுத்து, திருப்பரங்குன்றம் தனியாகவே தாண்டிவிடும். உசிலம்பட்டிக்காரர்களுக்குப் பிரச்சினை இல்லை, பேச்சில் "உசிலை" என்றுதானே சொல்கிறோம். `usilai` ஆறே எழுத்து.

கல்லூரியில் படிக்கும் என் தங்கை தனக்கும் ஊரைச் சேர்க்கிறேன் என்று வந்தபோது மட்டும் நான் வேண்டாம் என்றேன். கடை நடத்துகிற எனக்கு ஊர் தெரிய வேண்டும். தனியாக விடுதியில் இருக்கிற பெண்ணின் சொந்தக் கணக்கில் அது தெரிய வேண்டிய அவசியமில்லை. அவள் பாட்டி கூப்பிடும் செல்லப் பெயரைத் தன் பெயரோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். அதை இங்கே எழுத மாட்டேன்.